குடம் பெரிதானால் தண்ணீர் கூடுமா?

"எங்கள் ஊரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் விடுகிறார்கள். நாலு தெருவிலும் வீட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை குடம் கிடைக்கிறது என்று மகளிர் குழு மூலமாக எண்ணினோம்: 12, 8, 5½, 3. இதை மார்ச் 22 கிராம சபையில் பேனராக வைக்கணும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதனால் தெருவுக்கு ஒரு குடம், தண்ணீர் அதிகம் உள்ள தெருவுக்குப் பெரிய குடம் என்று வரைந்தேன். 'நாலு மடங்குதானே வித்தியாசம், படத்தைப் பார்த்தால் நாற்பது மடங்கு மாதிரி இருக்கே' என்று ஊராட்சி செயலர் கேட்கிறார். குடத்தை எந்த அளவில் வரையணும்? அந்த அரைக் குடத்தை எப்படிப் போடுவது?"

செயலர் கேட்டது நியாயம். குடத்தின் அளவை மாற்றவே மாற்றாதீர்கள். பேனரில் உள்ள எல்லாக் குடமும் ஒரே அளவில் இருக்கட்டும், தண்ணீர் அதிகம் என்றால் குடங்களின் எண்ணிக்கை அதிகமாகட்டும். அளவை வைத்துச் சொல்வதில் நேர்மையான வழி ஒன்றுகூட இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். குடம் மாதிரிப் பொருளுக்கு இல்லை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேனர் அடிக்கிற கடையில் நீங்கள் இதே வாதத்தை இன்னொரு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

12 குடம் தெருவுக்கு 12 சென்டிமீட்டர் உயரக் குடம், 3 குடம் தெருவுக்கு 3 சென்டிமீட்டர் உயரக் குடம் என்று நீங்கள் வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உயரத்தில் நாலு மடங்கு, அதுவரை சரி. ஆனால் குடத்தை மேலே மட்டும் இழுத்தால் அது குழாய் மாதிரி ஒல்லியாகிவிடும் என்பதால் அகலத்தையும் சேர்த்தே இழுத்திருப்பீர்கள். இப்போது தாளில் அந்தக் குடம் அடைக்கிற இடம் 16 மடங்கு. அதோடும் நிற்கவில்லை. குடம் என்பது தட்டையான பொருள் இல்லை. உயரம், அகலம், ஆழம் மூன்றிலும் நாலு மடங்கு உள்ள நிஜக் குடம் ஒன்று செய்தால் அதில் 64 சின்னக் குடத் தண்ணீர் பிடிக்கும். பத்து வயதிலிருந்து இடுப்பில் குடம் சுமந்த பெண்மணிக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்தைப் பார்த்ததும் "இது குடமா, தொட்டியா?" என்பார். செயலர் சொன்ன நாற்பது மடங்கு கோபத்தில் சொன்னதுதான், ஆனாலும் 16-க்கும் 64-க்கும் நடுவில்தான் விழுகிறது.

அப்படியானால் பரப்பளவைச் சரியாக நாலு மடங்கு வைத்தால் போதுமே, அதாவது உயரத்தை இரண்டு மடங்கு மட்டும் ஆக்கினால்? விவரம் தெரிந்தவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். கணக்கில் இது சரிதான், ஆனால் கண் அதே கணக்கைப் போடுவதில்லை. பரப்பளவு வளரும் அளவுக்கு நம் மனதில் அது பெரிதாகப் படுவதில்லை என்று உளவியல் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆளுக்கு ஆள் மாறும், ஆனாலும் நாலு மடங்கு பரப்பளவு பலருக்கும் ஏறக்குறைய இரண்டரை மடங்காகத்தான் தோன்றுகிறது. கொள்ளளவை நாலு மடங்காக்கி வரைந்தாலோ, படம் இரண்டு மடங்கு வித்தியாசம் மாதிரிகூடத் தெரியாது. ஆக, உயரத்தைப் பிடித்தால் மிகைப்படுத்துகிறீர்கள், பரப்பளவைப் பிடித்தால் குறைக்கிறீர்கள், கொள்ளளவைப் பிடித்தால் இன்னும் குறைக்கிறீர்கள். பார்க்கிறவர் மூன்றில் எதைப் பிடித்துக்கொள்வார் என்பதும் நம் கையில் இல்லை. எண்ணினால் மட்டும் இந்த வம்பு கிடையாது. ஆறு குடம் யார் எண்ணினாலும் ஆறுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ஓட்டோ நொய்ராத் என்பவர் 1925-ல் வியன்னாவில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். வீடு, கூலி, நோய் பற்றிய புள்ளிவிவரங்களைச் சாதாரணத் தொழிலாளிக்குப் புரிய வைப்பதுதான் அதன் வேலை. பெரிய அளவைக் காட்டப் பெரிய படம் போடாதே, அதே படத்தை அதிகத் தடவை போடு என்பது அங்கே அடிப்படை விதி. அந்த முறைக்குப் பிற்பாடு ஐசோடைப் என்று பெயர் வைத்தார்கள். 1950-களில் அவருடைய மனைவி மேரி நொய்ராத், நைஜீரியாவின் மேற்குப் பகுதி அரசுக்காக இதே முறையில் மக்களுக்கான சிற்றேடுகள் செய்தார். வியன்னாவில் வரைந்த ஆளும் வீடும் அங்கே செல்லாது என்று கண்டு உருவங்களை அந்த ஊருக்கு ஏற்ப மாற்றி வரைய வேண்டியிருந்தது. உருவம் ஊருக்கு ஊர் மாறலாம், அளவு விதி எங்கும் மாறாது என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் படிக்காதவர்களுக்குப் படம் என்றாலே எல்லோருக்கும் தேர்தல் சின்னம்தான் நினைவுக்கு வரும். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு இருபது பேர்கூட இல்லை, சின்னத்தை வைத்தே தேர்தலை நடத்தி முடித்தார்கள். அது வெற்றிதான். ஆனால் சின்னம் சொல்வது "யார்" என்பதை மட்டுமே. உங்கள் குடம் சொல்ல வேண்டியது "எவ்வளவு". அடையாளம் தெரிந்துவிட்டது என்பதால் அளவும் புரிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் பாதிப் பேனர்கள் கெடுகின்றன.

சரி, உங்கள் பேனருக்கு வருவோம். ஒரு குடம் படம் என்றால் ஒரு குடம் தண்ணீர். இதை விட்டு நகராதீர்கள். "ஒரு படம் = 10 குடம்" என்று மூலையில் குறிப்புப் போட்டால் இடம் மிச்சமாகும், ஆனால் அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவருக்கு அது ஒரே ஒரு குடம். படித்தவர்களில்கூடப் பாதிப் பேர் மூலையைப் பார்க்க மாட்டார்கள். வீட்டுக் கணக்காக வைத்திருப்பதால் உங்களுக்கு இது சுலபமாக அமைந்திருக்கிறது. ஊர் மொத்தக் கணக்கைக் காட்ட ஆசைப்பட்டு நடுவில் ஒரு டேங்கர் லாரிப் படத்தைச் சேர்த்துவிடாதீர்கள். ஒரு டேங்கரில் நானூறு குடமா ஐந்நூறு குடமா என்று அங்கேயே சபை கலைந்துவிடும்.

ஆனால் அந்த ஒரு குடம் எந்தக் குடம்? கடையில் விற்கிற பிளாஸ்டிக் குடங்களே பல அளவில் இருக்கின்றன, ஒரு வீட்டில் எவர்சில்வர் குடமும் இருக்கும், குழந்தை தூக்குகிற சின்னக் குடமும் இருக்கும். மகளிர் குழு எண்ணியபோது எல்லாக் குடத்தையும் ஒன்று என்றே எண்ணியிருந்தால், படம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கணக்கு சாய்ந்திருக்கும். ஊரில் அதிகம் புழங்குகிற குடம் ஒன்றை எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் ஊற்றி நிரப்பி அளந்து பாருங்கள். 15 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவுக்கு நாலைந்து வீட்டில் எந்தக் குடம் என்று பார்த்து, வித்தியாசம் பெரிதாக இருந்தால் லிட்டராக மாற்றி, திரும்ப 15-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தன்று அளந்த அதே குடத்தைப் பேனருக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். "படத்தில் இருப்பது இந்தக் குடம்" என்று கையால் காட்டிச் சொன்னால் எந்தக் குறிப்பும் தேவையில்லை. படத்தில் உள்ள குடத்தின் நிறமும் உருவமும் அதைப் போலவே இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது அந்த அரைக் குடம். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இங்கேதான் பலர் வழுக்குவார்கள். படத்தைச் செங்குத்தாக இரண்டாக வெட்டி ஒரு பாதியைப் போட்டால் கிராமத்தில் அதற்குப் பெயர் அரைக் குடம் இல்லை, உடைந்த குடம். முழுக் குடத்தையும் கோட்டால் வரைந்து பாதி உயரம் வரை நீலம் பூசலாம் என்றால், குடத்துக்கு வயிறு பெருத்து, கழுத்து ஒடுங்கியிருக்கிறது. கழுத்தையும் சேர்த்துப் பாதி உயரம் வரை தண்ணீர் இருந்தால் உள்ளே பாதிக்கு மேலேயே இருக்கும். இதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்ய முடியும், ஆனால் பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது நிரம்பிய குடமா குறைந்த குடமா என்பதே தெரியாது.

உங்கள் ஊரில் இதற்குக் கையிலேயே விடை இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் என்கிறீர்கள். அப்படியானால் அந்த ஊரில் யாரும் "நாளைக்கு இத்தனை குடம்" என்று யோசிப்பதே இல்லை. "ஒரு தடவை தண்ணி விட்டா இத்தனை குடம் பிடிப்போம்" என்றுதான் பேசுவார்கள். நாள் சராசரி என்பது நாம் தாளில் வகுத்து உண்டாக்கிய எண், அந்த அரையும் நாம் வகுத்ததால் வந்ததுதான். ஒரு தடவைக்கு என்று மாற்றுங்கள்: 24, 16, 11, 6. அரை போய்விட்டது, எண்களும் அவர்கள் வாயில் புழங்குகிற எண்களாகிவிட்டன. இப்படி வசதியான காலஅளவு கிடைக்காத இடத்தில் கிட்டத்தட்ட முழு எண்ணுக்குக் கொண்டுவந்துவிடுவதே மேல். ஐந்தரையை ஆறாக்கினால் யாரும் ஏமாறப்போவதில்லை, உடைந்த குடம்தான் குழப்பும்.

அடுத்து நான் சொல்லப்போவது நான் ஏமாந்த கதை. சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் இதே மாதிரிக் குடப் பேனர் செய்தோம். இடது ஓரத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தெருக்குழாய் வரைந்து, அதற்கு வலப்பக்கம் குடங்களை வரிசையாக அடுக்கினேன். அளவு எல்லாம் சுத்தமாக இருந்தது, ஒரு மில்லிமீட்டர் பிசகு கிடையாது. அச்சடித்த பிறகுதான் ஒரு பாட்டியிடம் காட்டினேன். அதிகக் குடம் இருந்த வரிசையைத் தொட்டு, "பாவம், இவங்கதான் ரொம்ப நேரம் நிக்கிறாங்க" என்றார். குழாய்க்கு முன்னால் வரிசையாகக் குடம் இருந்தால் அது என்ன? இடம் பிடித்து வைத்த காலிக் குடங்கள். எனக்கு அது புள்ளிவிவரம், அவருக்கு அது விடியற்காலை நாலு மணி. அவர் படித்தது தப்பே இல்லை, வரைந்தவன்தான் தப்பு. அதிகம் என்றால் நல்லது என்று நான் காட்ட நினைத்தது அதிகம் என்றால் கஷ்டம் என்று தலைகீழாகப் போய்ச் சேர்ந்தது.

அதனால் இடது ஓரத்தில் குழாய் வேண்டாம், வீட்டு வாசல் போடுங்கள். குடங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தவை என்பது அதிலேயே தெரிந்துவிடும். குடத்தின் வாயில் தண்ணீர் தளும்புகிற நீலக் கோடு ஒன்று இருக்கட்டும். காலிக் குடத்துக்கும் நிரம்பிய குடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நிறத்தை மட்டும் நம்பிக் காட்டாதீர்கள், பேனரில் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் நிறம் வெளுத்துவிடும்.

இங்கே இன்னொன்றும் செய்யலாம், உங்கள் கூட்டத்துக்கு அது ரொம்பப் பொருந்தும் என்று தோன்றுகிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. வீட்டுக்கு நாலு பேர், இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் என்றால் ஒரு தடவைக்கு 440 லிட்டர் வர வேண்டும். 15 லிட்டர் குடத்தில் 29 குடம், அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சத்தை விட்டுவிடுங்கள். குறைத்துச் சொன்னதாக இருந்தால் யாரும் உங்களைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு வரிசையிலும் கிடைத்த குடங்களுக்கு அப்புறம், 29 வரைக்கும் வராத குடங்களையும் போட்டுக்காட்டலாம். முதல் தெருவில் 24 நிரம்பியது, 5 வராதது. கடைசித் தெருவில் 6 நிரம்பியது, 23 வராதது.

வராத குடத்தை எப்படி வரைவது? இதிலும் நான் ஒரு தடவை கை சுட்டுக்கொண்டேன். நிறம் நிரப்பாமல் வெறும் கோட்டால் வரைந்தேன், ஆனால் கோடு தடிமனாக இருந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் "எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரிதானே வருது" என்றார்கள். நியாயம்தான், எல்லா வரிசையிலும் 29 படம் இருந்தது. இப்போது நான் வராத குடத்தைக் கவிழ்த்து வரைகிறேன். அதே குடம், அதே அளவு, தலைகீழாக, மெல்லிய சாம்பல் கோட்டில். கவிழ்த்து வைத்த குடத்தில் தண்ணீர் இருக்க முடியாது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. வெளுத்தாலும், கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் வித்தியாசம் அப்படியே நிற்கும். சிலர் வராத குடத்தைச் சின்னதாக வரைவார்கள், "இல்லாததுதானே" என்று. அது கூடவே கூடாது. சின்னதாக வரைந்தால் வரிசையின் நீளம் குறையும், குறையையும் குறைத்துக் காட்டுவதாக ஆகிவிடும்.

இதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. நாலு வரிசையை மட்டும் வைத்தால் முதல் தெருக்காரர்கள் மற்றவர்கள் தண்ணீரைத் திருடியது மாதிரி நிற்பார்கள், சபையில் சண்டை தெருவுக்கும் தெருவுக்கும் நடக்கும். அவர்கள் வரிசையிலும் ஐந்து கவிழ்ந்த குடம் தெரிந்தால் கேள்வி மேல்நிலைத் தொட்டியையும் மோட்டாரையும் நோக்கித் திரும்பும். காலிக் குடம் என்றாலே நம் ஊரில் சாலை மறியல் ஞாபகம் வரும் என்பதால் அதிகாரிகள் யாராவது முகம் சுளிக்கலாம். சுளித்தால் அந்த 55 லிட்டர் அரசே வைத்த அளவு என்று சொல்லுங்கள்.

குடங்களை அடுக்குகிற முறைக்கு வருகிறேன். சார்ட் பேப்பரில் 29 குடம் ஒரு வரிசையில் அடங்காது. அடங்க வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, இரண்டு வரிசையாக மடித்தால் நீளத்தை ஒப்பிட முடியாது. ஆறடிக்கு நாலடி பேனர் போதும். ஆறடி என்பது 183 சென்டிமீட்டர். இரு ஓரத்திலும் 4 விட்டு, இடது பக்கம் வாசலுக்கும் தெரு அடையாளத்துக்கும் 35 ஒதுக்கினால் குடங்களுக்கு 140 மிஞ்சும். ஒரு குடம் 4 சென்டிமீட்டர் அகலம், குடத்துக்குக் குடம் அரை சென்டிமீட்டர் இடைவெளி, ஒவ்வொரு ஐந்துக்குப் பிறகும் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. 29 குடமும் சரியாக அந்த 140-க்குள் உட்கார்ந்துவிடும். ஐந்து ஐந்தாகப் பிரிப்பது முக்கியம். கைவிரல் கணக்கில் எண்ணுகிறவர்களுக்கு 24 என்பது நாலு கையும் நாலு விரலும், ஒட்டி அடுக்கினால் பன்னிரண்டாவது குடத்துக்கு மேல் எல்லோருக்கும் எண்ணிக்கை தப்பும். இந்த இடைவெளி எல்லா வரிசையிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். பதினோராவது குடம் நாலு வரிசையிலும் நேருக்கு நேர் கீழே நிற்க வேண்டும். எண்ணப் பொறுமையில்லாதவர் நீளத்தைத்தான் பார்ப்பார், அவர் பார்ப்பதும் உண்மையாக இருக்கணும் இல்லையா?

நாளைக்கே யாராவது, குடிக்கிற தண்ணீருக்குக் குடம், புழங்குகிற தண்ணீருக்கு வாளி என்று கலந்து போடச் சொல்லலாம். அப்போது வாளி குடத்தைவிட அகலமாக இருந்தால் அந்த வரிசை சும்மாவே நீண்டுவிடும். எந்தப் படமாக இருந்தாலும் அது உட்காருகிற கட்டம் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஆடு மாடு கணக்குக் காட்டுகிற படங்களில் இந்தத் தப்பை அடிக்கடி பார்க்கலாம். பத்து மாடு ஒரு முழ நீளம், பதினைந்து ஆடு அரை முழம், பார்ப்பவருக்கு மாடுதான் அதிகம்.

தெருவை அடையாளம் காட்ட ஆள் படம் போடாதீர்கள். உடையை வைத்தோ நிறத்தை வைத்தோ யாரைச் சொல்கிறது என்று பார்ப்பார்கள், நம் ஊரில் தெரு என்பது வெறும் தெரு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். வேப்பமரம், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், தொட்டி என்று எல்லோருக்கும் பொதுவாக உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். அந்தந்தத் தெருப் பெண்களிடமே "உங்க தெருவுக்கு என்ன படம் போடலாம்?" என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது. தெருப் பெயரை எழுத்திலும் எழுதுங்கள், வரிசையின் முடிவில் 24, 16 என்று எண்ணையும் பெரிதாகப் போடுங்கள். எழுத்து வராத பலருக்கு எண் நன்றாக வரும். ரூபாய் நோட்டு, பஸ் நம்பர், செல்போன் எல்லாம் அவர்கள் தினமும் படிப்பதுதான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் சாதாரணத் தாளில் எடுத்து ஏழெட்டுப் பேரிடம் காட்டிவிடுங்கள், நான் செய்த மாதிரி அச்சடித்த பிறகு வேண்டாம். ஒவ்வொருவராகத் தனியாகக் காட்டணும். நாலு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் முதலில் பேசுகிறவர் சொன்னதையே மற்ற மூவரும் சொல்வார்கள். "புரியுதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "இதில் என்ன இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அப்புறம், "பள்ளிக்கூடத் தெருவுக்கு எத்தனை குடம்?", "அது எத்தனை நாளைக்கு?", "இந்தக் கவுந்த குடம் என்ன?" என்று மூன்று கேள்வி. காலத்தைப் பற்றிய கேள்வியில்தான் பெரும்பாலும் பிசகும், ஏனென்றால் குடம் கண்ணுக்குத் தெரிகிறது, நாள் தெரிவதில்லை. அதை ஒரு படத்தால் தீர்க்க நான் இதுவரை முயன்றது எதுவும் சரிவரவில்லை. மேலே "ஒரு தடவை தண்ணி விட்டால்" என்று எழுதி, கூட்டத்தில் ஒருவர் அதை வாயால் சொல்லிவிடுவதுதான் வழி. எட்டுப் பேரில் இருவருக்கு மேல் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தை மாற்றி வரையுங்கள், அவர்களுக்கு விளக்கிப் புரிய வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கிராம சபையில் நீங்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று விளக்க முடியாது.

வரைவதற்கு Excel பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பார் வரைபடத்தில் குடப் படத்தை நிரப்பினால் அது தானாக `Stretch` என்பதைத்தான் எடுத்துக்கொள்ளும், 24-க்கு ஒரே ஒரு நீண்ட குடம் வரும். அதை `Stack and Scale with` என்று மாற்றி, `Units/Picture` கட்டத்தில் 1 என்று கொடுத்தால் 24 தனித்தனிக் குடமாக அடுக்கும். ஆனாலும் ஐந்துக்கு ஒரு இடைவெளி அதில் வராது, கவிழ்த்த குடத்தையும் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரு குடத்தை வரைந்து நகலெடுத்து ஒட்டுவதே எளிது. நாலு வரிசைக்கு 116 படம், அரை மணி நேர வேலை.

கடைசியாகப் பேனர் கடை. நீங்கள் எவ்வளவு கவனமாகச் செய்து கொடுத்தாலும், கணினியில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்குக் காலி இடத்தைக் கண்டால் கை பரபரக்கும். கவிழ்த்த குடம் இல்லாமல் வெறும் ஆறு குடத்தோடு ஒரு வரிசை போனால், "பக்கத்துல இவ்ளோ எடம் சும்மா இருக்கே அக்கா" என்று அந்த ஆறையும் இழுத்து வரிசையை நிரப்பிவிடுவார், நடுவில் தலைவர் படம் வைக்கவும் இடம் தேடுவார். PDF ஆகக் கொடுத்து, எதையும் நகர்த்த வேண்டாம், பெரிதாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தலைவர் படம் வைத்தே ஆக வேண்டும் என்றால் மேலே தனிப் பட்டையில் வைக்கச் சொல்லுங்கள், குட வரிசைக்குள் வேண்டாம். பேனர் கைக்கு வந்ததும் ஒரு ஸ்கேலை எடுத்து முதல் வரிசையில் ஒரு குடத்தையும் கடைசி வரிசையில் ஒரு குடத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் 4 சென்டிமீட்டர் இல்லையென்றால் பணம் கொடுக்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.